மைலைக் கிலோமீட்டராக்கிய கதை

தொலைபேசியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக அமைத்த மறுநாள், வரைபடச் செயலி ஆங்கிலத்தில் ‘500 அடியில் வலப்புறம் திரும்பவும்’ என்று சொல்ல, அது ஏறக்குறைய 150 மீட்டர் என்று நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விட்டது.

மொழியைத் தமிழாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினேன்; ஆனால் குரல், அலகு, தெருப்பெயர் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தன. அலகு ‘தானியங்கி’ என்றிருந்ததால், தொலைபேசியில் நான் கவனிக்காமல் தேர்ந்தெடுத்திருந்த அமெரிக்க ஆங்கிலத்தைப் பின்பற்றி மைலும் அடியும் வந்திருக்கின்றன. செயலியின் அமைப்புகளில் தூர அலகைக் கிலோமீட்டர் என்று நிலையாக வைத்ததும் அது தீர்ந்தது.

குரல்தான் அதிக நேரம் எடுத்தது. வழிகாட்டல் பகுதியில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஆங்கில உச்சரிப்பே தொடர்ந்தது. ஏனெனில் சொற்களை ஒலியாக்குவது தொலைபேசியிலுள்ள உரை வாசிப்புப் பொறி, அதில் தமிழ்க் குரல் தரவு இறங்கியிருக்கவில்லை. தொலைபேசி அமைப்புகளில் அந்தப் பொறியைத் திறந்து தமிழைப் பதிவிறக்கி, ‘மாதிரியைக் கேள்’ பொத்தானை அழுத்திச் சோதித்த பின்னரே செயலியை மூடித் திறந்தேன்.

தெருப்பெயர்கள் செயலி மொழியைத் தமிழாக்கியதும் பெரும்பாலும் மாறின. சில சந்துகள் மட்டும் ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றன. வரைபடத் தரவில் தமிழ்ப் பெயர் பதியப்படாத தெருவுக்கு எந்த அமைப்பும் உதவாது.