கடைசி வேலை நாளில் குவியும் வாழ்த்துகளுக்குப் பதில் எழுதுவது எப்படி?

சென்னை ஓஎம்ஆர் பக்கத்து ஐடி கம்பெனிகளில் கடைசி நாளன்று விடைபெறும் மெயில் ஒன்றைத் தட்டிவிடுவது வழக்கம். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து குவியும். எல்லாருக்கும் மனசார எழுத ஆசை இருக்கும், ஆனால் நேரம் இருக்காது. அதனால் வரிசையை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. மெயில் எப்போது மூடும் என்று கேளுங்கள்

லேப்டாப்பை ஒப்படைத்ததும் பெரும்பாலும் ஆபீஸ் மெயிலும் டீம்ஸும் போய்விடும். ஐடி டீமிடம் காலையிலேயே நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிக்கப் பாருங்கள். மதியத்துக்கு மேல் கேக் வெட்டுவது, போட்டோ, நோ-டியூ கையெழுத்து என்று அலைச்சல்தான்.

2. வந்த வரிசையில் பதில் போடாதீர்கள்

யாருடைய போன் நம்பர் உங்களிடம் இல்லையோ, அவர்களுக்கு முதலில். வேறு ஊர் கிளையில் இருப்பவர்கள், டீம்ஸ் கால் மூலமாக மட்டுமே பழகியவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். மெயில் மூடிவிட்டால் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். வாட்ஸப்பில் வந்ததை ராத்திரி வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம்.

3. அவர் சொன்னதைத் தொட்டு எழுதுங்கள்

டீமில் சின்னப் பையன் ஒருவன் இப்படி எழுதுகிறான்: "அண்ணா, என் முதல் ரிலீஸ் அன்னிக்கு விடிய விடிய கூடவே இருந்தீங்க. மறக்க மாட்டேன்."

இதற்கு "நன்றி, வாழ்த்துகள்" என்று மட்டும் போட்டால், அவன் எழுதியதைப் படிக்கவே இல்லை என்று தோன்றும். இப்படி எழுதலாம்:

"தம்பி, அன்னிக்கு லாகை வரி வரியாப் படிச்சு தப்பைக் கண்டுபிடிச்சது நீதான். அடுத்த ரிலீசுக்குப் புதுசா வர்றவங்களோட நீ உட்காரு. கீழே என் சொந்த நம்பர் இருக்கு, எப்ப வேணா கூப்பிடு."

அவன் சொன்ன அதே ராத்திரியில் அவன் செய்ததை நினைவுபடுத்துகிறோம், அவ்வளவுதான். மூன்று வரிக்கு மேல் தேவையில்லை. நம்பரை மட்டும் நிஜமாகவே பேச நினைப்பவர்களுக்குத் தாருங்கள்.

மேலதிகாரி என்றால், "சார், நீங்கள் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி" என்பதோடு நிறுத்தாமல் என்ன கற்றுக்கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். கிளையண்டுக்குக் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதாகக்கூட இருக்கலாம்.

4. ஒரு வரி வாழ்த்துக்கு ஒரு வரி பதில்

"ஆல் தி பெஸ்ட்" என்று மட்டும் எழுதியவருக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னால் போதும். உரசல் இருந்தவர் வாழ்த்தினாலும் அப்படியே. பழைய சண்டைக்கு விளக்கம் கொடுக்க இது நேரமில்லை.

ரிப்ளை ஆல் மட்டும் வேண்டாம். ஒருவருக்கு எழுதியது எல்லாருடைய இன்பாக்ஸிலும் போய் விழும்.

5. வாட்ஸப் குரூப்

தனித்தனியாக எழுதி முடித்த பிறகு குரூப்பில் பொதுவாக ஒரு நன்றி போடுங்கள். போட்ட கையோடு வெளியேறிவிடாமல், மறுநாள் வரை இருங்கள். தாமதமாகப் பார்த்து வாழ்த்துபவர்கள் சிலர் இருப்பார்கள்.