அனமார்பிக் ஃப்ளேர், கிரைன், விக்னெட்: கலரிஸ்டுக்குக் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் குறும்படம் எடுக்கிறவர்கள் எடிட்டிங்கை முடித்து, படத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் சரிசெய்யும், அதாவது கிரேடிங் செய்யும் கலரிஸ்டிடம் கொடுக்கும்போது கூடவே அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ‘அனமார்பிக் ஃப்ளேர் வேணும், கிரைன் நல்லாத் தெரியணும், ஓரமெல்லாம் இருட்டா இருக்கணும், மொத்தத்துல 35 எம்எம் ஃபிலிம் மாதிரி.’ எந்த விளக்கிலிருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் என்று இதில் எதுவுமே இல்லை. அதோடு மூன்றையும் ஃபிலிமின் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பலமான விளக்கிலிருந்து ஓடும் ஒளிக்கோடான ஃப்ளேரும், ஓர இருட்டான விக்னெட்டும் லென்ஸில் உண்டாகின்றன. படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் கிரைன் மட்டும்தான் ஃபிலிமுடையது. இதைப் பிரிக்காமல் எழுதுவதால்தான் மற்ற தவறுகளும் வருகின்றன.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். விளக்குத்தூண் பக்கம், இரவு 11 மணி. ஒருவர் ஜிகர்தண்டா வண்டியைத் துடைத்துக் கடையை மூடுகிறார். அவருக்குப் பின்னால் சீரியல் பல்புகள் ஃபோகஸ் இல்லாமல் தெரிகின்றன. பக்கத்துக் கடையில் டியூப் லைட், தெருமுனையில் மஞ்சள் சோடியம் விளக்கு. தூரத்திலிருந்து ஒரு பைக் கேமராவை நோக்கி வந்து, வண்டிக்குப் பின்னால் புகுந்து திரும்பிப் போகிறது. எடுத்தது மிரர்லெஸ் கேமராவில், சாதாரண லென்ஸில்.

‘அனமார்பிக் ஃப்ளேர் வேணும்’ என்று மட்டும் சொன்னால் பல்பு, டியூப் லைட், தெருவிளக்கு என எல்லாவற்றிலிருந்தும் நீலக் கோடு கிளம்பிவிடும். அசல் லென்ஸில் அப்படி நடக்காது. அனமார்பிக் லென்ஸுக்குள் உருளை வடிவ வளைவுள்ள கண்ணாடிகள் இருக்கின்றன. அவை அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்கின்றன, திரையிடும்போது அதைப் பழையபடி விரித்துக்கொள்கிறார்கள். பளீரென்ற சின்ன வெளிச்சம் நேராக உள்ளே வந்தால், கண்ணாடிகளுக்கிடையே பட்டுத் தெறிக்கும் ஒளி குறுக்குவாட்டில் நீண்டு கோடாகிறது. ஆகவே வெளிச்சம் சின்னதாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்க வேண்டும், சுற்றிலும் இருட்டு வேண்டும். நம் காட்சியில் அந்தத் தகுதி பைக்கின் ஹெட்லைட்டுக்கு மட்டும்தான். டியூப் லைட் பரவலான வெளிச்சம். சீரியல் பல்புகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

நிறத்திலும் இதே கவனம் தேவை. பல லென்ஸ்களில் கோடு நீலமாக வருவதற்குக் காரணம் கண்ணாடி மேலுள்ள பூச்சு. பூச்சு வேறானால் கோடு பழுப்பு மஞ்சளாகவும் வரும். பூச்சு எதுவாக இருந்தாலும், விளக்கில் இல்லாத நிறத்தை அது உண்டாக்க முடியாது. சோடியம் விளக்கின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அந்த விளக்கிலிருந்து கரு நீலக் கோடு ஓடினால், காரணம் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ ஒட்டவில்லை என்று பட்டுவிடும்.

அடுத்து, கோடு எப்படி நகர்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஹெட்லைட் நேராக நம்மைப் பார்க்கும்போது கோடு உச்சத்தில் இருக்கும், பைக் திரும்பத் திரும்ப மங்கும், ஜிகர்தண்டா வண்டி மறைத்த அதே கணத்தில் அறுந்துபோகும். கேமராவைச் சாய்த்து எடுத்திருந்தால் கோடு தெருவோடு சாயாது. அது லென்ஸோடு கட்டுண்டது என்பதால் ஃபிரேமின் அகலத்துக்கு இணையாகவே நிற்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அனமார்பிக் லென்ஸில் ஃபோகஸ் இல்லாத பல்புகள் செங்குத்தான நீள்வட்டமாகத் தெரியும். நம் காட்சியில் சீரியல் பல்புகள் வட்டமாக இருக்கின்றன. கோடு ஒரு லென்ஸைச் சொல்கிறது, பல்புகள் இன்னொன்றைச் சொல்கின்றன. கிரேடிங்கில் இதைச் சரிசெய்வது பெரும் பாடு. லென்ஸின் முன்னால் நீள்வட்டத் துளை போட்ட அட்டை வைத்து எடுத்திருந்தாலாவது பல்புகள் ஓரளவு ஒத்துப்போயிருக்கும். அப்படி எடுக்கவில்லை என்றால் இந்த ஷாட்டில் ஃப்ளேரை விட்டுவிடுவதுதான் சரி என்பேன். ஃபிலிம் தோற்றம்தான் நோக்கம் என்றால், அதற்குப் பதிலாக ஹெட்லைட்டைச் சுற்றி மெல்லிய செம்மஞ்சள் கசிவு கேளுங்கள். பலமான ஒளி ஃபிலிமை ஊடுருவி, அடித்தளத்தில் பட்டுத் திரும்பி, சிவப்பை உணரும் அடுக்கை மறுபடி தொடுவதால் வருவது அது. ஹாலேஷன் என்பார்கள். சினிமா நெகட்டிவிலுள்ள தடுப்புப் பூச்சு அதைப் பெருமளவு தடுத்துவிடும், அதனால் கசிவு கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும்.

விக்னெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரவுக் காட்சியில் மூலைகள் ஏற்கெனவே இருட்டு, அங்கே இன்னும் இருட்டைக் கொட்டினால் டியூப் லைட் கடை காணாமல் போகும். விக்னெட் தெரிகிற இடம் வேறு. ஒத்தக்கடையிலிருந்து யானைமலையை அகலமான லென்ஸில், அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்த ஷாட்டில் வானத்தின் மூலைகளைப் பாருங்கள். நடுவிலிருந்து மெதுவாகக் குறைந்து மூலையில் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் அளவுக்கு மங்கியிருக்கலாம். அந்தக் குறைவு எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மையம் லென்ஸின் மையமாக இருக்க வேண்டும். நடிகரின் முகத்தைச் சுற்றி இருட்டாக்குவது கலரிஸ்டின் வேறொரு உத்தி. அது தேவையென்றால் தனியாகக் கேளுங்கள், விக்னெட் என்ற பெயரில் கேட்காதீர்கள்.

கிரைனில்தான் எழுதுவதும் நினைப்பதும் ஒன்றோடொன்று அதிகம் மோதுகின்றன. ‘35 எம்எம் மாதிரி’ என்று எழுதிவிட்டு, மாதிரிக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் 16 எம்எம்மில் எடுத்ததாக இருக்கும். கோடக் விஷன்3 500டி ஃபிலிம் இரண்டு அளவிலும் உண்டு. ஆனால் சூப்பர் 16 ஃபிரேமின் அகலம் சூப்பர் 35-இன் பாதிதான். அதே திரையை நிரப்ப இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டியிருப்பதால் கிரைனும் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்று எழுதாமல் எந்த ஃபிலிம், எந்த அளவு என்று எழுதுங்கள். நம் இரவுக் காட்சிக்கு 500டி, 35 எம்எம் என்றால் கலரிஸ்டுக்குப் புரியும்.

கிரைன் எங்கே தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். ஃபிரேம் முழுக்க ஒரே அளவில் தூவினால் மணல் ஒட்டியதுபோல இருக்கும். கடைக்காரரின் கன்னம், சுண்ணாம்புச் சுவர் போன்ற நடுத்தர வெளிச்சத்தில் கிரைன் நன்றாகத் தெரியட்டும். ஹெட்லைட்டின் நடுவிலும் ஆழ்ந்த கறுப்பு வானத்திலும் ஏறக்குறைய மறையட்டும். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது மாறவும் வேண்டும். ஒரே கிரைன் படம் அப்படியே நின்றால் கேமரா நகரும்போது கண்ணாடியில் தூசி இருப்பது போலத் தெரிந்துவிடும். இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த ஷாட்டில் டிஜிட்டல் நாய்ஸ் ஏற்கெனவே இருக்கும். அதை முதலில் இலேசாகக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதன் நிறப்புள்ளிகள் கிரைனுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

வரிசையையும் குறிப்பிலேயே எழுதிவிடலாம். ஒளி முதலில் லென்ஸைக் கடந்து பிறகுதான் ஃபிலிமில் படுகிறது, எனவே ஃப்ளேரும் விக்னெட்டும் முன்னால், அப்புறம் ஹாலேஷன், கடைசியாகக் கிரைன். கிரைனுக்கு மேல் கோட்டை வரைந்தால் கோடு மட்டும் மழமழவென்று தனியாக மிதக்கும்.

இப்போது அந்தக் குறிப்பு இப்படி ஆகிறது: ‘முதலில் நாய்ஸை இலேசாகக் குறைக்கவும். ஃப்ளேர் வேண்டாம், பல்புகள் வட்டமாக இருக்கின்றன. ஹெட்லைட் நம்மை நேராகப் பார்க்கும்போது மட்டும் மெல்லிய செம்மஞ்சள் கசிவு, வண்டி மறைத்ததும் நிற்க வேண்டும். விக்னெட் தேவையில்லை. கிரைன் 500டி, 35 எம்எம் அளவு, முகத்திலும் சுவரிலும் தெரியட்டும், வானம் சுத்தமாக இருக்கட்டும்.’

சரிபார்க்க வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்க வேண்டாம். அது சுருக்கும்போது கிரைன் முதலில் கரைந்து, வானம் கட்டம் கட்டமாக உடையும். அதைப் பார்த்துவிட்டு ‘கிரைன் பத்தலை’ என்று சொன்னால் கலரிஸ்ட் இன்னும் ஏற்றுவார், பிறகு பெரிய திரையில் அது இரைச்சலாக வந்து நிற்கும். மூலக் கோப்பை டிரைவில் வாங்கி, கணினியில் 100 சதவீத அளவில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.