பனியன் கம்பெனி போஸ்டரின் கடைசி வரியை எழுதுவது எப்படி?

திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கமோ பெருமாநல்லூர் சாலையிலோ போனால், மின்கம்பத்துக்கு மின்கம்பம் இந்த போஸ்டரைப் பார்க்கலாம்: "ஆட்கள் தேவை. டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி. தங்கும் வசதி உண்டு. தொடர்புக்கு:" கீழே இரண்டு போன் நம்பர்.

கம்பெனிக்கு என்ன வேண்டும் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இல்லை. 'தேவை', 'உண்டு' இரண்டுமே நிலைமையைச் சொல்லுமே தவிர, யாரையும் எதையும் செய்யச் சொல்லாது. போஸ்டரின் கடைசி வரியையும், அதே விளம்பரம் போனில் வரும்போது அதிலிருக்கும் பட்டனையும் மாற்றி எழுதிப் பார்ப்போம். ஓவர்லாக் டெய்லர் நான்கு பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படிக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

நல்ல ஓவர்லாக் டெய்லர் சும்மா இருக்க மாட்டார். ஏற்கெனவே வேறொரு கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருப்பார். சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்கும்போதோ, டீக்கடையில் நிற்கும்போதோ உங்கள் போஸ்டர் கண்ணில் படும். பக்கத்தில் அவருடைய சூப்பர்வைசரே நின்றுகொண்டிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் அவரால் எதைச் செய்ய முடியுமோ அந்த வினைச்சொல்தான் உங்களுக்கு வேண்டும்.

'வேலையில் சேருங்கள்' என்பது பெரிய முடிவு. சம்பளமே தெரியாமல் யாரும் அதை எடுக்க மாட்டார்கள். 'நேரில் வாங்க' என்றால் ஒரு நாள் லீவு போட வேண்டும். 'கூப்பிடுங்க' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது பேச முடியாது. 'மிஸ்டு கால் கொடுங்க' மட்டும்தான் பத்து நொடியில், ஒரு வார்த்தை பேசாமல் முடிகிற காரியம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. வினை எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அவ்வளவு சும்மா விசாரிப்புகளும் வரும். நான்கு பேர் வேண்டும் என்றால் அதைத் தாங்கலாம். ஒரே ஒரு கட்டிங் மாஸ்டர் வேண்டும் என்றால் 'நேரில் வாங்க' என்று கனமான வினையையே போடுங்கள். தேடி வருகிறவர் மட்டும் வரட்டும்.

படி 2: வினையை எந்த வடிவத்தில் எழுதுவது?

'அணுகவும்', 'தொடர்பு கொள்ளவும்' எல்லாம் தவறில்லை. ஆனால் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் பேசுகிற மாதிரி இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். 'விண்ணப்பியுங்கள்' என்றால் ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும்தான் ஞாபகம் வரும். கொங்குப் பக்கம் முன்பின் தெரியாதவரிடமும் 'ங்க' போட்டுப் பேசுவதுதான் வழக்கம். 'கொடுங்க', 'கேளுங்க', 'பேசுங்க' என்று எழுதினால் போதும். அதற்காக 'வாங்கண்ணா', 'வாங்கக்கா' என்று இழைய வேண்டாம். கூலி விஷயத்தில் அது கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஒரு போஸ்டருக்கு ஒரே வினை. 'நேரில் வரவும் அல்லது அழைக்கவும் அல்லது வாட்ஸ்அப் செய்யவும்' என்று மூன்றைக் கொடுத்தால், எதைச் செய்வது என்று யோசிப்பதற்குள் வேன் வந்துவிடும்.

படி 3: செய்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப யார் கூப்பிடுவார்கள்? எப்போது? ஷிப்ட் நடுவில் கூப்பிட்டால் எடுக்க முடியாதே? புரோக்கர் எவராவது பேசி கமிஷன் கேட்பாரோ? இந்தக் கேள்விகள்தான் கையைத் தடுக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லும் வரியை வினைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்:

"மிஸ்டு கால் கொடுங்க. இரவு 8 மணிக்கு மேல் கம்பெனியிலிருந்து நாங்களே கூப்பிடறோம். கமிஷன் கிடையாது."

தையலில் பெண்கள் நிறைய. முன்பின் தெரியாத இடத்துக்கு நம்பர் கொடுக்க அவர்கள் தயங்குவது நியாயம். பெண் சூப்பர்வைசர் இருந்தால் 'பெண்களிடம் பெண் சூப்பர்வைசர் பேசுவார்' என்று சேருங்கள். எழுதினால் அப்படியே நடக்கவும் வேண்டும். எட்டு மணிக்குக் கூப்பிடுகிறோம் என்று எழுதிவிட்டு மறுநாள் மத்தியானம் கூப்பிட்டால், அவர் மிஷினில் இருப்பார்.

படி 4: அவசரத்துக்குக் காரணம் காட்டுங்கள்

'உடனடியாக ஆட்கள் தேவை' என்ற போஸ்டர் வெயிலில் வெளுத்து, மழையில் பாதி கிழிந்து, அடுத்த தீபாவளி வரைக்கும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை மாதமும் 'உடனடி' என்றால் யார் நம்புவார்கள்? ஒன்று, அங்கே ஆள் தங்குவதில்லை என்று நினைப்பார்கள். இல்லையென்றால் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

அவசரத்துக்கு மூன்று விஷயம் வேண்டும்: உண்மையான காரணம், தேதி, அந்தத் தேதிக்குப் பிறகு என்ன ஆகும் என்பது. "புது லைன் திங்கட்கிழமை ஓடுது. ஓவர்லாக் 4 பேர். சனிக்கிழமை இரவுக்குள் மிஸ்டு கால் கொடுங்க." சனிக்கிழமை சும்மா போட்டதில்லை. பல கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமைதான். கூலியை வாங்கி எண்ணிப் பார்க்கும் நேரத்தில்தான், வேறு இடம் பார்க்கலாமா என்ற யோசனை வரும். ஞாயிறு லீவில் வந்து ஒரு பீஸ் தைத்துக் காட்டிவிட்டும் போகலாம்.

நான்கு பேர் சேர்ந்துவிட்டால் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் மேலே 'ஆள் எடுத்தாச்சு' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். இந்த ஒரு சீட்டு, அடுத்த தடவை நீங்கள் போடும் தேதியை நம்ப வைக்கும்.

இதே பாடத்தைச் சரக்கு விற்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருப்பு நிறைய இருக்கும்போது 'இன்னும் 2 மட்டுமே' என்று போடுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு விதிகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று முறைகளில் ஒன்று.

படி 5: பட்டன்

போன் திரையில் இடம் குறைவு. 'தொடர்புகொள்ளவும்' என்று போட்டால் சின்ன போனில் வார்த்தை உடைந்து இரண்டு வரியாகும். இரண்டு சின்ன வார்த்தைக்குள் நிறுத்துங்கள். 'வாங்க' என்று தனியாகப் போடாதீர்கள். வரச் சொல்கிறீர்களா, விற்கிறீர்களா என்றே தெரியாது.

பட்டனை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்குமோ, அதையே வினை சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பு இப்படி இருக்கும் (91-க்கு முன்னால் + வேண்டாம், இடைவெளியும் வேண்டாம்):

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OVERLOCK-B
```

இதை அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து, OVERLOCK-B என்ற செய்தி தயாராக நிற்கும். அனுப்புவது அவர் கையில்தான். அதனால் பட்டனில் 'அனுப்பு' பொய்யாகிவிடும். 'சம்பளம் கேளுங்க' சரியாக இருக்கும். கேட்டவுடன் ஷிப்ட் ரேட்டா, பீஸ் ரேட்டா, எவ்வளவு என்று பதில் போக வேண்டும். 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்று மழுப்பினால் அந்தப் பட்டனை வைத்ததே வீண்.

படி 6: எண்ணிப் பாருங்கள்

இரண்டு வாசகம், இரண்டு சிம் நம்பர். பட்டனில் ஒன்றுக்கு OVERLOCK-A, மற்றதுக்கு OVERLOCK-B. முதல் வாரம் அவிநாசி சாலையில் A, பல்லடம் சாலையில் B. அடுத்த வாரம் இடம் மாற்றி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஜெயித்தது வாசகமா, சாலையா என்று சொல்ல முடியாது. A-க்கு ஐந்து, B-க்கு ஏழு என்று வந்தால் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்துக்கு இருபது என்றால் யோசிக்கலாம்.

நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள்: கூப்பிட்டவர்கள் எத்தனை, திங்கட்கிழமை மிஷினில் உட்கார்ந்தவர்கள் எத்தனை. முதல் கட்டம் நிறைந்து இரண்டாவது காலியாக இருந்தால் வினைச்சொல்லை மாற்ற வேண்டாம், ரேட்டைப் பாருங்கள்.