இரண்டு தடையி, ஒரு பெட்டரி, காணாமல்போன 3 வோல்ற்

கல்லடியில் நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பொடியன் பிரெட்போட்டும் மஞ்சள் நிற மீற்றரும் கையுமாக வந்தான். 9 வோல்ற் பெட்டரிக்கு இரண்டு 1 மெகா ஓம் தடையிகளைத் தொடராகப் பூட்டியிருந்தான். ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ற் வரவேண்டும்.

"சேர், ரெண்டிலயும் மூண்டு மூண்டுதான் காட்டுது. மிச்ச மூண்டும் எங்க போன?"

மீற்றர் பழுதென்று நினைத்து அதே மாதிரி இன்னொன்றும் வாங்கிவிட்டான். அதுவும் 3 தான் காட்டியது. இரண்டு மீற்றரும் நல்லவைதான். என்ன நடந்ததென்பதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

வேண்டியவை

9 வோல்ற் பெட்டரி ஒன்று, 1 மெகா ஓம் தடையி இரண்டு (கபிலம், கறுப்பு, பச்சை, பொன் நிறப் பட்டைகள்), டிஜிற்றல் மீற்றர் ஒன்று. புதுப் பெட்டரி 9 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும். கணக்கு இலேசாக இருக்க 9.0 என்றே வைத்துக்கொள்கிறேன். இதை வீட்டுச் சுவர் மின்சாரத்தில் செய்து பார்க்கவேண்டாம்.

படி 1: மூன்று இடத்தில் அளவுங்கள்

முதலில் பெட்டரிக்குக் குறுக்கே, பிறகு முதல் தடையிக்கு, பிறகு இரண்டாவதுக்கு. மூன்றையும் எழுதிவையுங்கள். எங்கள் பொடியனுக்கு 9.0, 3.0, 3.0 வந்தது.

அளக்கும்போது கம்பிமுனைகளின் உலோகத்தில் விரல் படக்கூடாது. எங்கள் வெக்கையில் வியர்த்த கை இரண்டு முனையையும் தொட்டால் உங்கள் உடம்பே இன்னொரு தடையாகச் சமாந்தரமாகச் சேர்ந்துவிடும். 1 மெகா ஓம் சுற்றில் அது வாசிப்பை நன்றாகவே கீழே இழுக்கும்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விடுகிறார்கள். இரண்டு வாசிப்பும் சமம், தடையிகளும் சமம், ஆகவே சரி என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் மீற்றர் எவ்வளவு கெடுத்தாலும், இரண்டு வாசிப்புகளின் விகிதம் தடைகளின் விகிதமாகவே வரும். அதை வைத்து வழுவைப் பிடிக்க முடியாது. கூட்டுத்தொகைதான் காட்டிக்கொடுக்கும்: 3 உம் 3 உம் 6, பெட்டரியோ 9.

படி 3: மீற்றருக்குள் எவ்வளவு தடை?

பெட்டரியை நேராக அளந்தால் 9.0. இப்போது மீற்றரின் ஒரு கம்பியோடு ஒரு 1 மெகா ஓம் தடையியைத் தொடராகப் பிடித்து அதே பெட்டரியை அளவுங்கள். அவனுடைய மீற்றர் 4.5 காட்டியது. பாதி தடையியிலும் பாதி மீற்றரிலும் விழுந்திருக்கிறது; அப்படியென்றால் மீற்றரின் தடையும் 1 மெகா ஓம். எந்த மீற்றருக்கும் பொருந்தும் சூத்திரம் இது:

```
Rm = R × V2 / (V1 − V2)
```

V1 நேராக அளந்தது, V2 தடையியோடு அளந்தது. என் மேசையில் உள்ள மீற்றர் 8.18 காட்டியது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 மெகா ஓம். ஓரளவு நல்ல டிஜிற்றல் மீற்றர்களில் இதுதான் வழமை. மலிவானவற்றில் 1 மெகா ஓம்தான் இருக்கும்.

படி 4: மின்னோட்டத்தைப் பின்தொடருங்கள்

மீற்றர் இல்லாதபோது சுற்றில் மொத்தத் தடை 2 மெகா ஓம், ஓடுவது 4.5 மைக்ரோ அம்பியர். கீழ்த் தடையிக்குக் குறுக்கே மீற்றரை வைத்ததும், 1 உம் 1 உம் சமாந்தரமாகி அந்த இடம் 0.5 மெகா ஓம் ஆகிவிடுகிறது. மொத்தம் 1.5 மெகா ஓம், மின்னோட்டம் 6 மைக்ரோ அம்பியர். அந்த 6 உம் மேல்த் தடையிக்குள்ளால் போவதால் அங்கே 6 வோல்ற் விழுகிறது. கீழே மிச்சம் 3.

அதாவது மீற்றர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அங்கே உண்மையிலேயே 3 வோல்ற்தான் இருக்கிறது. மற்றத் தடையியில் 6 இருக்கிறது. மீற்றரை மேலே மாற்றியதும் அந்த 6 கீழே வந்துவிடும். காணாமல்போன 3 வோல்ற் எப்போதும் நாம் பார்க்காத பக்கத்தில் நிற்கிறது.

படி 5: திருத்துங்கள்

அளக்கும் இரு புள்ளிகளிலிருந்து சுற்றைப் பார்த்தால் தெரியும் தடையை R0 என்போம். பெட்டரியின் அகத்தடை இங்கே பொருட்டல்ல, அதை வெறும் கம்பியாக எண்ணுங்கள். அப்போது இரண்டு தடையிகளும் சமாந்தரம், R0 = 0.5 மெகா ஓம்.

```
V = Vm × (1 + R0/Rm)
```

அவனுடைய மீற்றரில் 3.0 ஐ 1.5 ஆல் பெருக்க 4.5. என் மீற்றர் 4.29 காட்டியது, அதை 1.05 ஆல் பெருக்கினாலும் 4.5. ஒன்றில் மூன்றிலொரு பங்கு குறைவு, மற்றதில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வழு. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பொன் பட்டைத் தடையியில் 5 சதவீத விலகல் இருக்கலாம் என்பதால், உங்கள் விடை 4.4, 4.6 என்று வந்தால் பதறவேண்டாம்.

ஊசி மீற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. முகப்பில் ஒரு வோல்ற்றுக்கு 20 கிலோ ஓம் என்று எழுதியிருந்தால், 10 வோல்ற் வீச்சில் அதன் தடை 200 கிலோ ஓம், 50 வோல்ற் வீச்சில் 1 மெகா ஓம். இதே சுற்றில் முதலாவது 1.3 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும், இரண்டாவது 3. வீச்சை மாற்றும்போது விடை இப்படி மாறினால், மீற்றர் சுற்றிலிருந்து மின்னோட்டம் எடுக்கும் சுமைதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். டிஜிற்றல் மீற்றரில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் வீச்சை மாற்றினாலும் உள்ளேயுள்ள தடை அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாக இரண்டாவது மீற்றரையும் அதே புள்ளிகளில் பிடியுங்கள். முதலாவதன் வாசிப்பு விழுந்தால் அதே காரணம்தான். வீணாய் வாங்கிய அந்த இரண்டாவது மீற்றர் எங்களுக்கு இதற்குத்தான் உதவியது: 3.0 ஆக நின்றது 2.25 ஆக விழுந்தது.

வோல்ற்றளவை நீளக் கம்பியொன்றோடு ஒப்பிட்டு அளக்கும் அழுத்தமானியில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் இதிலிருந்தே வரும். சமநிலைப் புள்ளியில் அளக்கப்படும் பக்கத்திலிருந்து அது மின்னோட்டமே எடுப்பதில்லை.

போகும்போது பொடியன் கேட்டான்: "அப்ப சேர், பெரிய தடைக்குக் குறுக்க வச்சா எப்பவும் பிழைதானே?"

"இல்ல மனே. மேல இருக்கிற ஒரு மெகாவக் கழட்டிப்போட்டு ஒரு கிலோ ஓம் வச்சுப் பாரு."

வைத்தான். கீழே அதே 1 மெகா ஓம், அதே மஞ்சள் மீற்றர். R0 இப்போது 1 கிலோ ஓமுக்குக் கிட்ட, மீற்றரின் தடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திரையில் 8.98 வந்தது. கணக்கின்படி வரவேண்டியது 8.99.