கெரட்டின் செய்து முடித்த முடியின் ரீல்ஸுக்கு கேப்ஷன் எழுதுவது எப்படி?

திருச்சி தில்லைநகரில் உள்ள ஒரு சலூனில், இடுப்பு வரை நீண்டு சிலும்பியிருந்த முடிக்குக் கெரட்டின் செய்து முடித்து, வாடிக்கையாளரின் ஒப்புதலோடு முடியின் பின்புறத்தை மட்டும் பதினைந்து விநாடி வீடியோவாக எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை இன்ஸ்டாகிராமில் ஏற்றுவதற்கான கேப்ஷனை இங்கே படிப்படியாக எழுதுவோம்.

முதலில், வாடிக்கையாளர் எழுந்து செல்வதற்கு முன்பே முடியின் நீளம், அதன் தன்மை, செய்த சிகிச்சை, ஆன நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதினால் "அழகான மாற்றம்" என்பதைத் தவிர வேறொன்றும் வராது.

இரண்டாவதாக, தேடுசொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமின் தேடல் பெட்டியில் keratin என்று தட்டச்சு செய்து, கீழே வரும் பரிந்துரைகளைப் பாருங்கள். அதைவிட நல்ல ஆதாரம், உங்கள் வாட்ஸ்அப்பில் வந்துள்ள விசாரணைகள். "முடி ரொம்ப சிலும்புது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பவர்கள் "ஃப்ரிஸ்" என்ற சொல்லைத் தேடப்போவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்மூத்தனிங்கை அதிகம் பேர் தேடுகிறார்கள் என்பதற்காகக் கெரட்டின் வீடியோவில் அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள். ஸ்மூத்தனிங் முடியின் உட்பிணைப்பையே மாற்றுவதால், புதிதாக வளரும் முடியைத் தவிர மற்றது நேராகவே இருக்கும். கெரட்டினோ சில மாதங்களில் படிப்படியாகக் கழுவிப் போய்விடும். இரண்டையும் ஒன்றாக எழுதினால், நான்காம் மாதம் "முடி பழையபடி ஆகிவிட்டதே" என்று சண்டைக்கு வருபவருக்குப் பதில் சொல்வது கடினம்.

மூன்றாவது படி முதல் வரி. ரீல்ஸில் கேப்ஷனின் தொடக்கம் மட்டுமே வெளியே தெரியும், மற்றவை more என்பதற்குள் மறைந்துவிடும் என்பதால், என்ன வேலை, எந்த ஊர், எப்படிப்பட்ட முடி என்ற மூன்றும் அந்த வரியிலேயே வந்துவிட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் "திருச்சி பியூட்டி பார்லர், பெஸ்ட் பார்லர் திருச்சி, கெரட்டின் திருச்சி" என்று அடுக்கிவிடுகிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பேருந்து நடத்துநர் ஊர்ப்பெயர் கூவுவது போல ஒலித்தால் அழித்துவிட்டு, வாக்கியமாக எழுதுங்கள்:

```
திருச்சியில் கெரட்டின் ட்ரீட்மென்ட்: இடுப்பு வரை நீண்ட, சிலும்பும் முடிக்கு.
தினமும் அயர்ன் செய்து நுனி வறண்டிருந்ததால், முதலில் இரண்டு அங்குலம் வெட்டினோம். மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆனது. அலை அப்படியே இருக்கிறது, சிலும்பல் மட்டும் அடங்கியிருக்கிறது.
உங்கள் முடியின் பின்பக்கப் படம் ஒன்றை அனுப்பினால் விலையைச் சொல்கிறோம்.
தில்லைநகர், திருச்சி | keratin treatment in trichy
#keratintrichy #trichysalon
```

ஹேஷ்டேக்குகளைத் தவிர்த்து ஊர்ப்பெயர் மூன்று முறை வந்தும் உறுத்தவில்லை. ஒன்று வாக்கியத்திலும், ஒன்று முகவரியிலும், ஒன்று ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்காகவும் நிற்கிறது. "அலை அப்படியே இருக்கிறது" என்ற சொற்றொடர், முடி முற்றிலும் நேராகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களை வருவதற்கு முன்பே தெளிவுபடுத்திவிடுகிறது.

வெளியிடும்போது இருப்பிடத்தையும் சேர்த்துவிடுங்கள். பிறகு வேறொருவரின் போனிலிருந்து பார்த்து, முதல் வரி எந்த இடத்தில் துண்டிக்கப்படுகிறது என்று கவனியுங்கள். "கெரட்டின்" என்ற சொல் மறைந்திருந்தால், Edit-ஐத் தொட்டு அதை இன்னும் முன்னே கொண்டு வாருங்கள்.