ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடத்தில் ‘ரைஸ்’ என்ற வினைச்சொல் வருமா, ‘ரெய்ஸ்’ வருமா?

கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்த்து, ‘எதை?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் ரெய்ஸ், செட், லே: உயர்த்துவதும் வைப்பதும். இல்லையென்றால் ரைஸ், சிட், லை: தானே உயர்வது, உட்கார்வது, கிடப்பது. சூரியன் மறைவதற்கு ‘செட்’ தனியாகவே வரும்.

பலர் சறுக்குவது ‘ப்ரைசஸ் ___ ஃபைவ் பர்சென்ட்’ போன்ற கேள்வியில்தான். ஐந்து சதவீதம் என்பது ‘எவ்வளவு?’ என்பதற்கான பதில், ‘எதை?’ என்பதற்கல்ல. இறந்த காலமென்றால் ‘ரோஸ்’ எழுதுங்கள். கோட்டுக்கு முன் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ இருந்தால் செயப்படுபொருள் வாக்கியத்தின் முன்பக்கம் போயிருக்கலாம். ‘ஃபீஸ் வேர் ___’ என்றால் ‘ரெய்ஸ்ட்’தான், ‘ரிஸன்’ அங்கே பொருந்தாது.

மிகக் கடினமான ஜோடி லை, லே. ‘லை’யின் இறந்த காலமே ‘லே’ என்பதால்தான் இந்தக் குழப்பம். ‘த கீஸ் ___ ஆன் த டேபிள் ஆல் நைட்’: சாவி இரவு முழுக்க மேசையில் கிடந்தது, ‘எதை?’ என்பதற்குப் பதில் இல்லை, ஆகவே ‘லே’. ‘ஷீ ___ த கீஸ் ஆன் த டேபிள்’: எதை வைத்தாள்? சாவியை. இங்கே ‘லெய்ட்’. ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ முன்னால் வந்தால் முதல் வாக்கியத்துக்கு ‘லெய்ன்’, இரண்டாவதற்கு அதே ‘லெய்ட்’.