டேக்கை எடுத்தாச்சு, பெயர் ஏன் இன்னும் நிற்கிறது? மென்ஷன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாரோ ஒருவர் போட்ட பதிவில் உங்கள் பெயர் இருக்கிறது. அதைத் தட்டினால் உங்கள் ப்ரொஃபைல் திறக்கிறது. பார்ப்பவருக்கு அது டேக்கா மென்ஷனா என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதை நீக்க நினைக்கும் உங்களுக்கு மட்டும் முதலில் அது தெரிந்தாக வேண்டும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மென்ஷனில் போய் 'நீக்கு' பட்டனைத் தேடித் தேடி, ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

டேக் என்பது படத்தின் மீதோ வீடியோவின் மீதோ உங்கள் கணக்கை ஒட்டி வைப்பது. ஒட்டியவர் வேறு ஒருவர் என்றாலும், ஒட்டப்பட்டது உங்கள் கணக்கு. அதனால் அதைக் கிழித்துப் போடும் உரிமையை ஆப் உங்களுக்கே தருகிறது. மென்ஷன் அப்படியல்ல. கேப்ஷனிலோ கமென்டிலோ ஒருவர் @ போட்டு உங்கள் யூசர்நேமை எழுதுவதுதான் மென்ஷன். அது அவர் எழுதிய வாக்கியத்தின் ஒரு சொல். அடுத்தவர் எழுதியதைத் திருத்தும் வசதியை எந்த ஆப்பும் உங்கள் கையில் கொடுக்காது.

இன்ஸ்டாகிராமில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. படத்தை ஒருமுறை தட்டுங்கள். படத்தின் மேல் கறுப்புப் பட்டையில் உங்கள் யூசர்நேம் எழும்பினால் அது டேக். படத்தில் ஒன்றும் வராமல், கீழே கேப்ஷனுக்குள் மட்டும் உங்கள் பெயர் @ குறியோடு இருந்தால் அது மென்ஷன். இன்னொரு வழியும் உண்டு. உங்கள் ப்ரொஃபைலில் டேக் செய்யப்பட்ட படங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. டேக் அங்கே வந்து உட்காரும், மென்ஷன் வராது. பதிவின் தலையில், போட்டவர் பெயரோடு உங்கள் பெயரும் சேர்ந்து நின்றால் இரண்டுமே இல்லை. அது நீங்கள் எப்போதோ ஒப்புக்கொண்ட கொலாப் பதிவு. மூன்று புள்ளி மெனுவில் Stop sharing கொடுத்தால் அதிலிருந்து விலகலாம்.

ஒன்றை எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

ஒரே பதிவில் இரண்டும் இருப்பதுதான் வழக்கம். ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய வகுப்புத் தோழர் ஒருவர் மூன்று படங்களை ஒரே பதிவாகப் போட்டிருக்கிறார். இரண்டாவது படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், டேக்கும் இருக்கிறது. கேப்ஷனில் ஐந்தாறு யூசர்நேம்களுக்கு நடுவே உங்களுடையதும் இருக்கிறது. கீழே இன்னொருவர் "இது யாருன்னு தெரியுதா" என்று கேட்டு, உங்களை மென்ஷன் செய்து கமென்ட் போட்டிருக்கிறார்.

நீங்கள் இரண்டாவது படத்தைத் தட்டி, எழும்பிய பெயரைத் தட்டி, Remove me from post கொடுக்கிறீர்கள். டேக் போய்விட்டது. உங்கள் ப்ரொஃபைலின் டேக் பகுதியிலும் அந்தப் படம் இல்லை. ஆனால் படம் அவர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கேப்ஷனிலும் கமென்டிலும் உள்ள பெயர்கள் அசையவில்லை, தட்டினால் இன்னமும் உங்கள் ப்ரொஃபைலுக்குத்தான் போகின்றன. நீங்கள் பூட்டியது உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பதிவுக்குப் போகும் வழியை மட்டும். அந்தப் பதிவிலிருந்து உங்களிடம் வரும் வழி திறந்தே கிடக்கிறது. பல படங்கள் உள்ள பதிவில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக டேக் போட முடியும் என்பதால், மற்ற இரண்டு படங்களையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

டேக்கைத் தட்டும்போது Hide from my profile என்றும் ஒன்று தென்படும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது உங்கள் ப்ரொஃபைலில் படம் தெரியாமல் செய்யும், அவ்வளவே. படத்தின் மேல் டேக் ஒட்டியபடியே இருக்கும். உங்கள் ஃபீடில் வரும் பதிவை 'ஹைட்' செய்வது அதைவிடப் பயனற்றது. உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அது மறையும். அதனால் வேலை முடிந்ததா என்பதை உங்கள் கணக்கிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் போனில், அவருடைய கணக்கிலிருந்து அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள்.

"டெலிட் பண்ணு" என்று கேட்பது

கேப்ஷனில் உள்ள மென்ஷனை எடுக்கக்கூடியவர் அதை எழுதியவர் மட்டுமே. ஆக, அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே பதிவையே அழிக்கச் சொல்கிறார்கள். நூறு லைக் வாங்கிய பதிவை யாரும் மனதார அழிக்க மாட்டார்கள். பேச்சு வளரும், பெயர் அங்கேயே நிற்கும்.

கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது பதிவு போட்டவருக்கே பல நேரம் நினைவில் இருப்பதில்லை. மூன்று புள்ளியைத் தட்டி, Edit போய், உங்கள் @ பெயரை மட்டும் அழித்துவிட்டுச் சேமித்தால் போதும். லைக்கும் கமென்டும் அப்படியே இருக்கும். படமும் உங்களுக்கு உறுத்தினால், அந்த ஒரு படத்தை மட்டும் எடுக்கச் சொல்லலாம். மூன்றோ அதற்கு மேலோ படங்கள் உள்ள பதிவில், அதே Edit திரையில் குறிப்பிட்ட படத்தின் மூலையிலுள்ள குப்பைத்தொட்டிக் குறியைத் தட்டினால் அது மட்டும் நீங்கும். இரண்டே படங்கள் என்றால் அது நடக்காது.

நம் உதாரணத்தில் தோழருக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: "அந்த மூணு போட்டோ போஸ்ட்ல கேப்ஷன்ல இருக்கிற என் பேரை மட்டும் எடுத்துடுறியா? எடிட்ல போனா போதும், போஸ்ட்டை அழிக்க வேணாம். கீழே என்னை மென்ஷன் பண்ணியிருக்கிற கமென்ட்டையும் நீ டெலிட் பண்ணிடலாம்." கடைசி வரியைக் கவனியுங்கள். கமென்ட் எழுதியவர் வேறு ஆள் என்றாலும், பதிவு யாருடையதோ அவராலும் அதை நீக்க முடியும். இரண்டு பேரைத் துரத்த வேண்டியதில்லை. அதே கமென்ட் உங்கள் பதிவின் கீழ் இருந்தால் நீங்களே நீக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

இதை நேரடிச் செய்தியில் கேளுங்கள். பதிவின் கீழே கமென்டாகக் கேட்டால், உங்கள் பெயரை நீங்களே இன்னொரு தடவை அங்கே பதித்தது போல ஆகிவிடும். கவனிக்காதவர்களும் அப்போதுதான் கவனிப்பார்கள்.

செட்டிங்கை மாற்றினால் பழையதும் போய்விடும் என்று நம்புவது

இன்ஸ்டாகிராம் செட்டிங்கில் Tags and mentions என்ற பக்கம் உண்டு. யார் டேக் செய்யலாம், யார் மென்ஷன் செய்யலாம் என்று இரண்டு தனிக் கேள்விகள் அதில் இருக்கும். எல்லோரும், நீங்கள் பின்தொடர்பவர்கள் மட்டும், யாரும் வேண்டாம் என்று இரண்டுக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. டேக்கை மூடிவிட்டு மென்ஷனைத் திறந்தே வைத்திருப்பவர்கள் ஏராளம். டேக்குக்கு, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ப்ரொஃபைலில் வரட்டும் என்ற வசதியும் அங்கேயே இருக்கிறது.

இதெல்லாம் இனி வருவதற்கான வேலி. நேற்று எழுதப்பட்ட மென்ஷனை அது தொடாது. Restrict செய்வதும் இங்கே உதவாது. அது உங்கள் பதிவுகளின் கீழ் அவர் போடும் கமென்டை மறைக்கும். அவர் தன் பக்கத்தில் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் வேலையாக பிளாக் செய்வது

கோபத்தில் கை அங்கேதான் போகும். ஆனால் பிளாக் செய்த நொடியில் அவருடைய பதிவு உங்களுக்குத் தெரியாமல் போகும். பதிவு மட்டும் மற்றவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் ரிப்போர்ட் செய்ய லிங்க் வேண்டும் என்றால் வேறு யாரிடமாவது கையேந்த வேண்டும். எனவே வரிசை முக்கியம். முதலில் தேதியும் யூசர்நேமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பதிவின் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். பிறகு டேக் இருந்தால் எடுங்கள். அதன்பின் ரிப்போர்ட். பிளாக் கடைசியில்.

ரிப்போர்ட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. 'என் அனுமதியில்லாமல் என் பெயரைப் போட்டார்' என்பது மட்டும் விதிமீறல் ஆகாது. மிரட்டல், தொல்லை, உங்கள் போன் எண் அல்லது முகவரியை வெளியிட்டது, உங்களைப் போல ஆள்மாறாட்டம் என்று எது உண்மையோ அந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். காப்புரிமை என்று போடுவதற்கு முன் யோசியுங்கள். படத்தில் இருப்பவர் நீங்கள் என்றாலும், காப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்கே. அந்தரங்கப் படம் என்றால் விஷயமே வேறு. அதில் யாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக ரிப்போர்ட் செய்யுங்கள். StopNCII.org தளத்தையும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமல், அதன் அடையாளக் குறியீடு மட்டும் அங்கே பதிவாகும்.

எல்லா ஆப்பும் ஒன்று என்று நினைப்பது

ஃபேஸ்புக்கில் பதிவின் வாசகத்துக்குள் உங்கள் பெயர் இணைப்பாக வந்தாலும் அதை டேக்காகவே நடத்துகிறார்கள். மூன்று புள்ளியில் Remove tag இருக்கும். அங்கே சறுக்குவது வேறு இடத்தில். டேக் ஆன பதிவுகளை முதலில் பார்த்து ஒப்புக்கொள்ளும் ரெவ்யூ வசதி, உங்கள் ப்ரொஃபைலில் வருவதை மட்டுமே தடுக்கும். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஃபீடிலும் தேடலிலும் பதிவு தெரியலாம். ஒப்புக்கொள்ளாமல் விட்டாலே டேக் போய்விட்டதாக நினைத்து ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. ஆக்டிவிட்டி லாகில் டேக் ஆன பதிவுகளைத் திறந்து பார்த்தால் தெரியும்.

எக்ஸில், பழைய ட்விட்டரில், மென்ஷனுக்கே ஒரு வெளியேறும் கதவு இருக்கிறது. 2022-இல் வந்தது. பதிவின் மூன்று புள்ளியில் Leave this conversation கொடுத்தால் உங்கள் யூசர்நேம் வெறும் எழுத்தாக நிற்கும், இணைப்பு அறுந்துவிடும். அந்த உரையாடலில் மேற்கொண்டு உங்களை மென்ஷன் செய்யவும் முடியாது, நோட்டிஃபிகேஷனும் வராது. எழுத்து போகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அதைத் தேடுபவருக்கு இன்னும் கிடைக்கும். படத்தில் போட்ட டேக்குக்கு இதே மெனுவில் வேறு வழி: Remove tag from photo.

ஸ்டோரியில் வந்த மென்ஷன் 24 மணி நேரத்தில் தானே மறையும் என்று பெரும்பாலும் விட்டுவிடலாம். போட்டவர் அதை ஹைலைட்டில் சேர்த்தால் மட்டும் மறையாது. மறுநாள் அவருடைய ப்ரொஃபைலில் ஹைலைட் வட்டங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த மென்ஷனோடு உங்களுக்கு வரும் Add to your story பட்டனை மட்டும் பழக்கத்தில் தட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்று நினைத்த ஸ்டோரியை நீங்களே உங்களைப் பின்தொடர்பவர்கள் எல்லோருக்கும் காட்டிவிடுவீர்கள்.